பல் டாக்டரின் கழுத்து எத்தனை டிகிரி?

செஞ்சிக்கு யார் வந்தாலும் முதலில் அண்ணாந்து ராஜகிரியைத்தான் பார்ப்பார்கள். உள்ளூரிலேயே இருக்கும் என் அக்கா மகளால் அது முடியாமல் போயிற்று. அவள் பல் டாக்டர். புதுச்சேரியில் பி.டி.எஸ். முடித்துவிட்டு, திருவண்ணாமலை சாலையில் ஒரு மாடியில் கிளினிக் வைத்து ஐந்து வருடம் ஆகிறது. விருந்தாளிகளைக் கோட்டைக்கு அழைத்துப் போனவள், தலையை உயர்த்தினால் பிடரி சுரீர் என்கிறது என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வயது முப்பத்தொன்று.

அதற்கு ஆறு மாதம் முன்புதான் லூப்ஸ் வாங்கியிருந்தாள். மூக்குக்கண்ணாடியில் இரண்டு குட்டித் தொலைநோக்கிகளைப் பொருத்தியதுபோல் இருக்கும். இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டும். இதைப் போட்டால் குனிய வேண்டியதில்லை, கழுத்துவலி போய்விடும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இவளுக்கோ வலி கூடியது.

காரணம் தெரிந்தது என் கடைவாய்ப் பல்லில். மேல் வரிசை, இடது பக்கம், வேர் சிகிச்சை. நான் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோது, உதவியாளர் பெண்ணிடம் என் கைபேசியைக் கொடுத்து, பக்கவாட்டிலிருந்து டாக்டரைப் படம் எடுக்கச் சொல்லியிருந்தேன். பிறகு அந்தப் படத்தின்மேல் பள்ளிக்கூடத்துக் கோணமானியை வைத்துப் பார்த்தோம். அவளுடைய காது, தோளுக்கு நேர்மேலே இல்லை. வெகுவாக முன்னால் வந்திருந்தது. தலையின் சாய்வு 40 டிகிரி.

“இவ்வளவு குனியறேன்னு எனக்கே தெரியல மாமா” என்றாள்.

தெரியாதுதான். வேலையில் மூழ்கியவருக்குக் கண்ணில் படுவது பல் மட்டுமே.

மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் முதுகெலும்பே அதைத் தாங்கிவிடும். சாய்ந்தால் பிடரித் தசைகள் பின்னாலிருந்து பிடித்து இழுக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொள்வதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே. 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் தசை சமாளிக்க வேண்டிய திருப்புவிசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் 2014-ல் வெளியிட்ட கணக்கில், 60 டிகிரி குனிந்த கழுத்தின்மேல் விழும் பாரம் 27 கிலோ. இந்த எண் ஊரெல்லாம் சுற்றுகிறது. அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, உயிருள்ள கழுத்தில் அளந்தது அல்ல என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

பாரத்தைவிட மோசமானது அசையாமை. மலை ஏறும்போது கால் தசை சுருங்கும், தளரும், நடுவே ரத்தம் ஓடும். பல்லில் துளையிடும்போது கழுத்துத் தசை முக்கால் மணி நேரம் ஒரே இறுக்கத்தில் நிற்கிறது. இறுகிய தசை தன் ரத்தக்குழாய்களைத் தானே நசுக்குகிறது. கோட்டை ஏறினால் காலுக்கு வராத வலி, நாலு பல் பார்த்தால் கழுத்துக்கு வருவது இதனால்.

சரி, லூப்ஸ் போட்டும் ஏன் 40 டிகிரி?

நிமிர்ந்து உட்கார்ந்த டாக்டரின் கண்ணிலிருந்து நோயாளியின் வாய்க்கு ஒரு கோடு போட்டால், எங்கள் அளவில் அது கிடைமட்டத்திலிருந்து சுமார் 60 டிகிரி கீழே இறங்கியது. இந்த 60-ஐ யாராவது கொடுத்தாக வேண்டும். ஒரு பங்கை லூப்ஸின் குழல்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் கொடுக்கும். மீதி கழுத்தின் தலையில் விழும். இவளுடைய லூப்ஸின் சாய்வு 20 டிகிரி, ஆக மீதி 40. அதே கருவி 40 டிகிரி சாய்வோடு இருந்திருந்தால் கழுத்துக்கு 20தான். கழுத்துக்கு இருபதைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது என்பதுதான் இத்துறையில் பொதுவாகச் சொல்வது. வாங்கும்போது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று கேட்கிறவர்கள் இந்தச் சாய்வைக் கேட்பதே இல்லை.

இன்னொரு கோளாறு தூரத்தில். லூப்ஸ் குறிப்பிட்ட தூரத்தில் மட்டுமே தெளிவாகக் காட்டும். முன்னே பின்னே சில சென்டிமீட்டர் போனால் மங்கிவிடும். பெரிதாக்கும் அளவு கூடக் கூட அந்த இடைவெளி சுருங்கும். இவளுக்கு ஒரு கருத்தரங்கக் கடையில், பழக்கப்படி கூனி உட்கார்ந்திருந்தபோதே அளவெடுத்திருக்கிறார்கள். 34 சென்டிமீட்டர். நிமிர்ந்தால் அவளுக்குத் தேவை 45. ஆக நிமிர்ந்தால் மங்கல், கூனினால் தெளிவு. கூனலைத் தீர்க்க வாங்கிய கண்ணாடி கூனலுக்கே அச்சு வார்த்துவிட்டது.

அதனால் வரிசையைத் திருப்பிப் போட்டோம். முதலில் நோயாளியின் நாற்காலி, அப்புறம் டாக்டரின் ஸ்டூல், கடைசியில் லூப்ஸ்.

நோயாளியைக் கடிகாரத்தின் நடுவாக வைத்துக்கொள்ளுங்கள். உச்சந்தலை 12 மணி, கால் 6 மணி. வலக்கை டாக்டர்கள் 9 மணியிலிருந்து 12 வரை நகர்ந்து நகர்ந்து வேலை செய்ய வேண்டும். மேல் கடைவாய்ப் பல்லுக்கு 12 மணியில், தலைக்குப் பின்னால் உட்கார்ந்து, வாய்க்கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே செய்ய வேண்டும். இவள் எப்போதும் 9 மணியிலேயே இருந்து உடம்பை முறுக்கி எட்டிப் பார்த்திருக்கிறாள். ஏனென்றால் 12 மணியில் சுவர் இருந்தது! வாடகை அறை சிறியது, இடம் மிச்சம் பிடிக்க நாற்காலியைச் சுவரோரம் போட்டிருந்தார்கள். மெக்கானிக்கை வரவழைத்து அதை இரண்டடி முன்னால் நகர்த்தியது லூப்ஸ் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை. கண்ணாடியில் பார்த்துச் செய்யும் பழக்கம்தான் சுலபத்தில் வரவில்லை. கல்லூரியில் பொம்மைத் தலையில் கற்கும்போது, யாரும் பார்க்காத நேரம் பார்த்து மாணவர்கள் எட்டிக் குனிந்துதான் வேலையை முடிப்பார்களாம்.

முழுதாகச் சாயும் பல் நாற்காலி 1958-லேயே வந்துவிட்டது. அதில் சாயத்தான் நம் ஆட்களுக்குப் பயம். “படுக்க வைக்காதம்மா, மூச்சு முட்டும்” என்பார்கள். அரைகுறையாகச் சாய்ந்தவரின் மேல் பல்லைப் பார்க்க டாக்டர்தான் வளைய வேண்டும். மேல் வரிசைக்கு நோயாளி மட்டமாகப் படுத்து முகவாயை நிமிர்த்த வேண்டும். கீழ் வரிசைக்கு முதுகைச் சற்று உயர்த்தலாம். இரண்டிலும் வாய், டாக்டரின் முழங்கை மட்டத்துக்கோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ வர வேண்டும். அதைவிட உயர்த்தினால் டாக்டரின் தோள் தூக்கிக்கொள்ளும், வலி கழுத்திலிருந்து தோளுக்கு மாறும்.

ஸ்டூலை அவள் மிகத் தாழ்த்தி வைத்திருந்தாள். இடுப்பு முழங்காலைவிட உயரமாக, தொடை முன்பக்கம் சரியும்படி உட்கார்ந்தால், கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தானாகவே நிற்கும். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்பதே உயரத்துக்கு எல்லை.

இப்படி இரண்டு வாரம் பழகிய பிறகே லூப்ஸுக்கு மறுபடி அளவெடுத்தாள். பழைய கண்ணாடியில் குழல்கள் வில்லையோடு பதித்தவை. கோணத்தைத் திருப்ப வழியில்லை, அந்தப் பணம் போனதுதான். பட்டகம் வைத்த புது வகை லூப்ஸும் உண்டு. நேராகப் பார்த்தாலே கீழே இருக்கும் வாய் தெரியும். ஆனால் கனம் அதிகம், கையும் கண்ணும் ஒத்துப்போக நாளாகும் என்று அவள் அதற்குப் போகவில்லை.

வலி குறைந்திருக்கிறது. போய்விட்டது என்று சொல்லமாட்டேன். விரல் மரத்துப்போவதோ கைக்கு வலி இறங்குவதோ இருந்திருந்தால் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருக்காமல் முதலில் மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும். அவளுக்கு அது இல்லை.

போன வாரம் எடுத்த படத்தில் 22 டிகிரி. அன்றைக்கே கூன் விழுந்த ஒரு பாட்டி வந்தார். மட்டமாகப் படுக்க அவரால் ஆகாது. தலைக்கும் முழங்காலுக்கு அடியிலும் தலையணை கொடுத்து, நாற்காலியைப் பாதி நிமிர்த்தி, ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றுகொண்டே செய்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டியை வாய் கொப்பளிக்கச் சொன்னாள். கொப்பளித்து முடிப்பதற்குள் கையைப் பின்னால் கோத்து, மோட்டுவளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.