மங்கலான இரண்டாவது கோடு

கருப்பைச் சுவரில் கரு ஒட்டிக்கொண்டதும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலக்கத் தொடங்குகிறது. முட்டை வெளிவந்த நாளிலிருந்து எண்ணினால் இது பெரும்பாலும் 8 முதல் 10 நாட்களில் நடக்கும். ரத்தத்திலிருந்து அது சிறுநீருக்கு வருகிறது. மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை தேடுவது இந்த ஹார்மோனைத்தான்.

அட்டையின் ஒரு முனையில் சிறுநீரைச் சொட்டுவதற்கு ஒரு குழி இருக்கும். நடுவில் 'சி', 'டி' என்று குறித்த ஒரு சாளரம். உள்ளே இருப்பது மெல்லிய வெள்ளைப் பட்டை. குழியில் விட்ட சொட்டுகள், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்தப் பட்டையில் ஊறிச் செல்கின்றன. வழியில் மிக நுண்ணிய தங்கத் துகள்கள் காய்ந்த நிலையில் காத்திருக்கின்றன. அந்த அளவுக்குப் பொடியான தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். கோட்டின் இளஞ்சிவப்பு நிறம் பெரும்பாலான அட்டைகளில் இதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு துகளின் மேலும் எச்.சி.ஜி.யைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதங்கள் ஒட்டியிருக்கின்றன. சிறுநீரில் ஹார்மோன் இருந்தால் அது துகளோடு சேர்ந்து நகரும். 'டி' கோட்டில் அசையாமல் பதித்து வைத்த இன்னொரு எதிர்ப்புரதம் அதே ஹார்மோனின் மறுபக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது. துகள்கள் அங்கே குவியக் குவியக் கோடு தெரிகிறது.

'சி' கோட்டுக்கு ஹார்மோன் வேண்டியதில்லை. துகளோடு வரும் எதிர்ப்புரதத்தையே அது பிடித்துவிடும். ஈரம் அதுவரை ஒழுங்காக வந்து சேர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி. 'சி' தெரியவில்லை என்றால் 'டி'யில் என்ன தெரிந்தாலும் அந்த அட்டை செல்லாது.

மங்கலான கோடு எப்படி வருகிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். பல அட்டைகள், ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் 25 மில்லி யூனிட் எச்.சி.ஜி. இருந்தால் காட்டும்படி செய்யப்பட்டவை. ஒரு பெண் மாதவிலக்கு வரவேண்டிய நாளன்று காலையில் பார்க்கிறார், அவருடைய அளவு 30 என்று வைத்துக்கொள்வோம். 'டி'யில் சில துகள்களே நிற்கும்; வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் இளஞ்சிவப்பு புலப்படும். ஆரம்ப நாட்களில் இந்த அளவு 2 அல்லது 3 நாட்களுக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2 நாள் பொறுத்து மீண்டும் அதிகாலைச் சிறுநீரில் பார்த்தால் 60-ஐ ஒட்டி வரலாம், இன்னும் 2 நாளில் 120. கோடும் அதற்கேற்பத் தெளியும். இடையில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மதியம் பார்த்தால் சிறுநீர் நீர்த்துப்போய், இருந்த கோடும் காணாமல் போகலாம்.

ஆகவே, உரிய நேரத்துக்குள் நிறத்தோடு வந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் எச்.சி.ஜி. இருப்பதன் அடையாளமாகவே கொள்ளவேண்டும். 'உரிய நேரம்' என்பதுதான் பலர் கோட்டைவிடும் இடம். உறையில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடம். அது கடந்து பட்டை உலரும்போது, எதிர்ப்புரதம் பதித்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தடம் விழக்கூடும். நிறமற்ற அந்தத் தடத்துக்குப் பொருள் எதுவும் இல்லை. ஒரு கோடுதான் என்று குப்பைக்கூடையில் போட்டதை மாலையில் எடுத்துப் பார்த்து மனம் குழம்புவது இதனால்தான்.

எச்.சி.ஜி. எப்போதும் வளரும் கருவிலிருந்தே வருவதில்லை. குழந்தைப்பேறு சிகிச்சையில் முட்டை வெளிவரப் போடும் ஊசியிலேயே இந்த ஹார்மோன் இருப்பதுண்டு. அது உடலைவிட்டு நீங்க 10 முதல் 14 நாள் வரை ஆகலாம். கருச்சிதைவுக்குப் பிறகும் சில வாரங்கள் மிச்சம் இருக்கும். சில சமயம் கரு ஒட்டிய சில நாட்களிலேயே கலைந்துவிடும். அப்போது இன்று தெரிந்த மங்கல் கோடு அடுத்த வாரம் மறைந்து, சற்றுத் தள்ளிப்போன மாதவிலக்கு வரும். அட்டை பொய் சொன்னதாக அதற்கு அர்த்தமில்லை.

கோட்டின் அடர்த்தியை வைத்து ஹார்மோனின் அளவைக் கணக்கிட முடியாது. அட்டைக்கு அட்டை சாயம் மாறும். சந்தேகம் நீடித்தால் 48 மணி நேர இடைவெளியில் இருமுறை எடுக்கும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனைதான் அளவு ஏறுகிறதா என்று சொல்லும். கரு எங்கே இருக்கிறது என்பதும் அட்டைக்குத் தெரியாது. கருக்குழாயில் தங்கிய கருவும் இதே கோட்டைத்தான் காட்டும். கோடு வந்தபின் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தக்கசிவு, தலைசுற்றல், தோள்பட்டை வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் அடுத்த அட்டை வாங்கக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அங்கே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் கருவின் இடத்தைக் கண்டறிய உதவும்.