எட்டுப் பத்திகளில் ஓர் ஆண்டுக் கணக்கு

மார்ச் 31. ஓர் எழுதுபொருள் கடையின் இருப்பாய்வில் வாடகை ரூ.1,30,000 எனப் பற்றில் நிற்கிறது. மாத வாடகை ரூ.10,000தான். ஏப்ரல் வாடகையையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள்.

இதைச் சீராக்கத்தான் விரிவாக்கிய இருப்பாய்வுத் தாள். இருப்பாய்வு, சரிக்கட்டல், இலாப நட்டம், இருப்புநிலைக் குறிப்பு என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் பற்றுக்கும் வரவுக்கும் தனிப் பத்தி. கணக்காளர் சரிக்கட்டலில் வாடகைக்கு எதிரே வரவில் 10,000 எழுதுகிறார். கீழே 'முன்கூட்டிச் செலுத்திய வாடகை' என்று புதுவரி சேர்த்துப் பற்றில் அதே 10,000. பிறகு வரிவரியாக வலப்பக்கம் நகர்கிறார். வாடகையில் மிஞ்சிய 1,20,000 இலாப நட்டத்தின் பற்றுக்குப் போகிறது. புதுவரியின் 10,000 சொத்து என்பதால் இருப்புநிலைக் குறிப்பின் பற்றில் அமர்கிறது.

எல்லா வரிகளும் முடிந்ததும் இலாப நட்டப் பத்திகளைக் கூட்டுகிறார். வரவு ரூ.1,60,000 அதிகம், அதுவே இலாபம். அதை இலாப நட்டத்தின் பற்றிலும், உரிமையாளருக்குச் சேர வேண்டியது என்பதால் இருப்புநிலைக் குறிப்பின் வரவிலும் எழுதினால் கடைசி இரு பத்திகளும் சமமாக வேண்டும்.

சமமாகாமல் ரூ.20,000 இடித்தால், முதலில் அதில் பாதியைத் தேடுவது நல்லது. அந்த 10,000 வரவுப் பத்தியில் ஏறியிருக்கக்கூடும். ஆனால் மார்ச் மாத மின்கட்டணம் பாக்கி இருப்பதையே மறந்திருந்தால் பத்திகள் அழகாகச் சமமாகும், இலாபம் மட்டும் தவறாக நிற்கும். அதைப் பிடிக்க ஏப்ரலில் வந்த ரசீதுகளைப் புரட்டித்தான் ஆகவேண்டும்.