பதினெட்டு சாவுகளை எப்படிப் பங்கிடுவது?

1948 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதிய மருந்து காசநோயைக் கட்டுப்படுத்துமா என்று பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சோதித்திருந்தது. இரண்டு நுரையீரல்களும் பாதிக்கப்பட்ட இளம் நோயாளிகள் 107 பேர். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதைப் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த முறைப்படி, மூடிய உறைகளுக்குள் இருந்த சீட்டுகள் முடிவுசெய்தன. ஆறு மாதம் கழித்து நிலவரம் இது:

| | இறந்தவர் | பிழைத்தவர் | மொத்தம் |
|---|---|---|---|
| மருந்து பெற்றோர் | 4 | 51 | 55 |
| ஓய்வு மட்டும் | 14 | 38 | 52 |
| மொத்தம் | 18 | 89 | 107 |

இப்படி இரண்டு பண்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஆட்களை எண்ணும் அட்டவணைக்கு நேர்வுப் பட்டியல் என்று பெயர். நான்குக்கும் பதினான்குக்கும் உள்ள இடைவெளி பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் நோய் முற்றியவர்கள் தற்செயலாக ஒரு பக்கம் அதிகம் சேர்ந்திருந்தாலும் இதே எண்கள் வரக்கூடுமே! அந்தச் சந்தேகத்தை அளக்க வந்ததுதான் கை-வர்க்கச் சோதனை.

சோதனை முதலில் மருந்துக்கு எதிராகவே ஒன்றை வைத்துக்கொள்கிறது: மருந்துக்கும் சாவுக்கும் தொடர்பே இல்லை. அது உண்மையானால், மொத்தம் நிகழ்ந்த 18 சாவுகளும் ஆள் கணக்குப்படி இரு பக்கமும் பிரிந்திருக்க வேண்டும். மருந்து பெற்றோர் 107இல் 55 பேர். அவர்கள் பங்கு 55 × 18 ÷ 107, அதாவது 9.25. இதுவே அந்தக் கட்டத்தில் எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை. எந்தக் கட்டமானாலும் வழி ஒன்றுதான்: அதன் வரிசை மொத்தத்தை நிரல் மொத்தத்தால் பெருக்கி, முழு மொத்தத்தால் வகுக்க வேண்டும். எதிர்பார்ப்பு என்பது ஒரு சராசரி. ஆகவே கால் மனிதர் எப்படிச் சாவார் என்று கேட்க வேண்டியதில்லை; பின்னத்தை முழு எண்ணாக்கினால்தான் கணக்குக் கெடும்.

9.25 எதிர்பார்த்த இடத்தில் 4. குறைவு 5.25. அதை வர்க்கமாக்கி 9.25ஆல் வகுத்தால் 2.98 வருகிறது. வகுப்பது எதற்கு என்றால், ஒன்பதை எதிர்பார்த்த இடத்தில் ஐந்து குறைவது பெரிய செய்தி, 45.75 பேர் பிழைப்பார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் அதே ஐந்து கூடுவது சிறிய செய்தி. மற்ற மூன்று கட்டங்களிலும் 3.15, 0.60, 0.64 கிடைக்கின்றன. நான்கையும் கூட்டினால் சுமார் 7.4.

இந்த 7.4 பெரிதா, சிறிதா? இங்கேதான் புள்ளியியலின் இரு பெரியவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

1900இல் இந்தச் சோதனையை உருவாக்கிய கார்ல் பியர்சனின் கணக்கில், நான்கு கட்டங்களில் மொத்தம் மட்டுமே நிலையானது. ஆகவே மூன்று கட்டங்கள் விருப்பப்படி மாறலாம். ரொனால்ட் ஃபிஷர் 1922இல் இதை மறுத்தார். எதிர்பார்ப்பைக் கணக்கிட வரிசை மொத்தங்களையும் நிரல் மொத்தங்களையும் நாமே பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டோம். அவற்றையும் கட்டிப்போட்டாகிவிட்டது என்றார். மேலே உள்ள பட்டியலின் உள் எண்களை அழித்துவிட்டு, ஒரு கட்டத்தில் மட்டும் 4 என்று எழுதிப் பாருங்கள். பக்கத்தில் 51தான் வர முடியும், கீழே 14தான், மிச்சம் 38தான். சுதந்திரமாக மாறக்கூடியது ஒரே ஒரு கட்டம். இந்த எண்ணிக்கையே கட்டின்மைக் கூறு. வரிசைகளில் ஒன்றைக் குறைத்து, நிரல்களிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் அது கிடைக்கும். பியர்சன் கடைசிவரை இதை ஏற்கவில்லை, ஆனால் சரி ஃபிஷர் பக்கம்தான்.

வெறும் ஏட்டுச் சண்டை அல்ல இது. தற்செயலால் நூற்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் தாண்ட முடியாத எல்லை, கட்டின்மைக் கூறு மூன்றானால் 7.81, ஒன்றானால் 3.84. பியர்சன் வழியில் நம் 7.4 எல்லைக்குள் அடங்கி, மருந்து நிரூபணமாகாமல் போயிருக்கும். ஃபிஷர் வழியில், மருந்தால் பயனே இல்லாதிருந்தால் இவ்வளவு விலகல் ஆயிரத்தில் ஏழு தடவைதான் நேரும்.

ஒரு நிபந்தனை உண்டு. எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை ஐந்துக்கும் கீழே போனால் இந்த எல்லைகளை நம்புவது கடினம். பார்க்க வேண்டியது எதிர்பார்ப்பை. கண்ட எண்ணை அல்ல. இங்கே கண்ட எண் 4தான், ஆனாலும் எதிர்பார்ப்புகளில் மிகச் சிறியது 8.75 என்பதால் சோதனை செல்லும்.

ஐந்தாண்டு கழித்து அதே நோயாளிகளை மறுபடி எண்ணினார்கள். அப்படி எண்ணியவர்களில் ஒருவரான வாலஸ் ஃபாக்ஸ் பின்னர் சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்துக்குத் தலைமையேற்றார். மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்திருந்தனர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 35 பேர். இம்முறை எதிர்பார்ப்பு 34.4, கண்டது 32, கை-வர்க்கம் 0.95. எல்லையான 3.84க்கு வெகு கீழே. மருந்து வீண் என்று இது சொல்லவில்லை. ஐந்தாண்டு முடிவில் இரு பக்கமும் வேறுபட்டன என்று சொல்ல இந்த 107 பேர் போதவில்லை என்கிறது, அவ்வளவே. காரணத்தைப் பட்டியல் காட்டாது. அது நோயாளிகளின் சளியில் கிடைத்தது: மருந்து பெற்ற பலரிடம் கிருமிகள் ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்த்து வாழப் பழகிவிட்டிருந்தன. அதனால்தான் அடுத்த சோதனையில் பி.ஏ.எஸ். என்ற இரண்டாவது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.