கன்றாமல் பறிக்கும் விரல்

சந்தையில் பார்க்கும்போது பளபளவென்று இருந்த தக்காளி, வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் ஒரு பக்கம் கொழகொழத்துப் போகும். எங்கோ ஒரு கை அதை அழுத்தியிருக்கிறது. காயம் வெளியே தெரியத்தான் நாளாகிறது. பழம் பறிக்கும் எந்திரக் கையை வடிவமைப்பவருக்குத் தலைவலியும் இதுதான். தவறு நடந்த நொடியில் பழம் எதையும் காட்டிக்கொள்ளாது.

எவ்வளவு அழுத்தலாம்? 120 கிராம் தக்காளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் எடை ஏறக்குறைய 1 நியூட்டன் விசை. ஆக இதன் எடை 1.2 நியூட்டன். இரண்டு பக்கமும் விரல்கள் அழுத்த, உராய்வுதான் பழத்தைத் தாங்குகிறது. அழுத்தும் விசையில் பாதி உராய்வாகக் கிடைக்கும் என்றால், ஒவ்வொரு விரலும் 1.2 நியூட்டன் அழுத்தினால் பழம் நிற்கும். கை சட்டென்று மேலே எழும்பினால் 1.8 வேண்டும். பனி ஈரத்தில் வழுக்குவதையும் சேர்த்து 2.5 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு காம்பிலிருந்து விடுபட்ட பழத்துக்கு மட்டும்தான். காம்பை நேராக இழுத்து அறுக்க 10 நியூட்டன் தேவைப்பட்டால், விரல் ஒவ்வொன்றும் 10 நியூட்டன் அழுத்தியாக வேண்டும், பழம் நசுங்கும். பறிக்கிற பெண்கள் யாரும் அப்படி இழுப்பதில்லை. பழத்துக்குச் சற்று மேலே காம்பில் இருக்கும் கணுவில் கட்டைவிரலை வைத்து மடக்குகிறார்கள், ‘டக்’கென்று கழன்று வருகிறது. எந்திரக் கையும் பழத்தைப் பிடித்து மணிக்கட்டைச் சாய்க்க வேண்டும். கணுவில்லாத ரகமென்றால் காம்பைக் கத்தரிக்கலாம்.

அடுத்தது விரல். 1990-களில் லைஃப் க்னீஸ என்ற ஜெர்மானியர், மீன் துடுப்பை ஒரு பக்கமாக அழுத்தினால் அது விலகாமல் அழுத்தும் விரலை நோக்கியே வளைவதைக் கவனித்தார். அந்த அமைப்பில், நீண்ட முக்கோணச் சட்டத்துக்குள் ஏணிப்படி போலக் குறுக்குப் பட்டைகள் வைத்து, வளையும் பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சில் விரல் செய்கிறார்கள். அது பழத்தைத் தழுவிக்கொள்கிறது. அழுத்தம் ஒரே புள்ளியில் குவிவதில்லை.

ஆனால் மென்மையின் பெரிய பயன் அதுவல்ல என்பேன். விரலின் அடியில் விசையை அளக்க ஒரு லோட் செல் இருக்கும், மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுக்குள் இருக்கும் அதே சாதனம். அது வினாடிக்கு 10 முறை அளக்கிறது, விரல்களின் இடைவெளி வினாடிக்கு 20 மில்லிமீட்டர் குறைகிறது என்று வையுங்கள். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே 2 மி.மீ. மூடிவிடும். இரும்பு விரலானால் அந்த 2 மி.மீ.யும் பழத்துக்குள்தான் போகும். மி.மீ.க்கு 3 நியூட்டன் எதிர்க்கும் பழமென்றால், தெரியவருவதற்குள் 6 நியூட்டன் ஏறியிருக்கும். மி.மீ.க்கு 0.3 நியூட்டனில் வளையும் விரலானால் ஏறுவது அரை நியூட்டன் சொச்சம். வளைகிற விரல் அளவிக்கு அவகாசம் வாங்கித் தருகிறது.

அளவியை அப்படியே நம்பவும் முடியாது. கை சாயும்போது விரலின் சொந்த எடையே விசையாகப் பதிவாகும். அதனால் பழத்தைத் தொடுவதற்குச் சற்று முன், கை அதே சாய்வில் இருக்கும்போது, தராசைப் போலப் பூஜ்யமாக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான கண்ணி ஒன்று உண்டு. பிடித்த பிறகு, யாரும் தொடாமலே விசை மெல்ல இறங்கும். அழுத்தத்துக்குள்ளான பழத்தின் திசு கொஞ்சம் கொஞ்சமாக இளகிக் கொடுப்பதுதான் காரணம். ‘எப்போதும் 2.5’ என்று நிரல் எழுதியிருந்தால் மோட்டார் இறுக்கும், பழம் இளகும், மீண்டும் இறுக்கும். திரையில் கோடு நேராக இருக்கும், பழம் கன்றிக்கொண்டிருக்கும். 2.5 தொட்டதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, விசை 1.8-க்குக் கீழே போனால் மட்டும் இறுக்குவது நல்லது.

இறங்கியது பழமா, பிளாஸ்டிக் விரலா? அதே அளவு மர உருண்டையைக் கொடுத்துப் பார்க்கலாம். மரம் இளகாது. அப்போதும் எண் இறங்கினால் கோளாறு விரலிலோ அளவியிலோதான்.

கடைசிப் பரிசோதனைக்குக் கத்தி போதும். எந்திரம் பறித்த பழங்களையும், காம்பைக் கத்தரித்து எடுத்த பழங்களையும் குறியிட்டு இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் வைத்துக் குறுக்கே வெட்டுகிறார்கள். அடிபடாத பழத்தில் விதையைச் சுற்றிய கூழ் தெளிவாக இருக்கும். அடிபட்டதில் தோல் பளபளத்தாலும் அந்தக் கூழ் கலங்கி, பச்சையும் மஞ்சளுமாக மாறியிருக்கும்.