இன்ஸ்டால விக்கிறீங்களா? 40 லட்சத்துக்கு முன்னாடியே ஜிஎஸ்டி வரலாம்!

ஒரகடத்துல ஷிஃப்ட் முடிச்சிட்டு, ராத்திரியில இன்ஸ்டாகிராம்ல மொபைல் கவர் விக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். மாசம் 500 கவர், ஒன்னு 250 ரூபாய். வருஷ விற்பனை 15 லட்சம். கையில நிக்கிறது 3 லட்சமா இருக்கலாம். ஆனா ஜிஎஸ்டி வரம்புக்குப் பார்ப்பது லாபத்தை இல்லை, மொத்த விற்பனையை. உங்க சம்பளம் அதில் சேராது.

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு வரம்பு 40 லட்சம். அப்போ பதிவு வேண்டாமா? எல்லா பார்சலும் தமிழ்நாட்டுக்குள்ளேயே போனா வேண்டாம். ஓசூருக்கு அனுப்பலாம். ஆனா பெங்களூருக்கு ஒரு கவர் அனுப்பினாலும் பதிவு கட்டாயம். அங்கே 40 லட்சக் கணக்கு செல்லாது.

அமேசான் மாதிரி தளத்தில் விற்றால்? மாநிலத்துக்குள் மட்டும், வரம்புக்குள் விற்பவர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் என்ரோல்மென்ட் நம்பர் போதும்.

சரி, பதிவே இல்லை, பில் எதுக்கு? 2025 ஜூலையில் கர்நாடகாவில் யூபிஐ வரவை வைத்துச் சின்னக் கடைகளுக்கு வரி நோட்டீஸ் போனது. கடன், சொந்தப் பணமும் அதில் கலந்திருக்குன்னு வியாபாரிகள் சொன்னாங்க. அதைப் பிரிச்சுக் காட்ட ரெக்கார்டு வேணும்.

அதனால விற்பனைக்குத் தனி பேங்க் கணக்கு வைங்க. ஒவ்வொரு பில்லிலும் நம்பர், தேதி, தொகை, பார்சல் போகும் மாநிலம் எழுதுங்க. ரிட்டர்ன் வந்ததையும் குறிங்க. பதிவு இல்லாம பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. பதிவு கட்டாயமான நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்கணும்.