23 பேர் போதும்

2014 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு 32 நாடுகள் அணிக்கு 23 வீரர்கள் வீதம் அனுப்பின. அவற்றில் 16 அணிகளில், ஒரே தேதியில் பிறந்த இருவராவது இருந்தார்கள். சரிபாதி!

ஆண்டுக்கு 365 நாட்கள் இருக்கும்போது 23 பேருக்குள் இது எப்படி நடக்கிறது?

நம் மனம் 'என் பிறந்தநாளில் வேறு யார் பிறந்தார்?' என்று பார்க்கிறது. அதற்கான வாய்ப்பு மற்ற 22 பேரோடு சேர்த்தும் சுமார் 6 சதவீதம்தான். ஆனால் இங்கே எந்த இருவர் ஒத்துப்போனாலும் போதும். 23 பேரில் ஒவ்வொருவரும் மற்ற 22 பேரோடு ஜோடி சேரலாம். ஒரே ஜோடியை இருமுறை எண்ணாமலிருக்க இரண்டால் வகுத்தால் 253 ஜோடிகள்.

யாருக்கும் ஒத்துப்போகாத வாய்ப்பைக் கணக்கிடுவது எளிது. இரண்டாமவருக்கு 364 நாட்கள் மிச்சம், மூன்றாமவருக்கு 363, கடைசியாக வருபவருக்கு 343. ஒவ்வொன்றையும் 365ஆல் வகுத்து, எல்லாவற்றையும் பெருக்கினால் 49.3 சதவீதம். ஆக, ஒத்துப்போகும் வாய்ப்பு 50.7 சதவீதம்.

எல்லா நாட்களிலும் பிறப்புகள் சமம் என்று கொண்ட கணக்கு இது. சில மாதங்களில் பிறப்புகள் கூடினால், வாய்ப்பும் கூடும். 50 பேர் சேர்ந்தால் அது 97 சதவீதம்.