ஜி.எம். மேசைக்குப் போக வேண்டிய மெயில்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மில் நின்றிருக்கும்போது கம்ப்ரெஸரை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தால், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் லோடு எடுக்கிறது. காற்றை வாங்க ஒரு மெஷினும் ஓடாதபோது இப்படி என்றால், அதன் திறனில் 30 சதவீதம் குழாய்க் கசிவிலேயே போகிறது. 37 கிலோவாட் கம்ப்ரெஸர் ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால், வீணாவது சுமார் 88,800 யூனிட். கசிவை அடைக்க நீங்கள் 2,40,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் போடுகிறீர்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் ஜி.எம். உங்களுக்குப் பழக்கமானவரோ மெயின்டெனன்ஸில் உள்ள இளம் இன்ஜினியர்.

“இதை ஜி.எம். கிட்ட கொடுத்துடுங்க” என்று எழுதினால் அவரைத் தபால்காரர் ஆக்கிவிட்டீர்கள். ஜி.எம்.மையும் சிசியில் சேர்த்தால் இன்னும் மோசம். அவரைத் தாண்டிப் போனதாகிவிடும். அவருடைய பயமே வேறு: மேலே இருப்பவர் ஏதாவது கேட்டு, தன்னிடம் பதில் இல்லாமல் போனால்?

அதனால் இரண்டு மெயில் அனுப்புங்கள். முதலாவது அவருக்கு மட்டும்:

“சார், ஞாயிறு நாம் சேர்ந்து எடுத்த ரீடிங்கை வைத்து ஒரு பக்கக் குறிப்பு தனி மெயிலில் அனுப்பியிருக்கிறேன். முதலில் நீங்கள் பாருங்கள். மாற்ற வேண்டியது இருந்தால் மாற்றித் தருகிறேன். சரியென்று பட்டால், உங்களுக்குத் தோதான நேரத்தில் ஜி.எம். சார் பார்வைக்கு அனுப்ப முடியுமா? விலை, கேரண்டி பற்றிக் கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நானே வந்து விளக்குகிறேன். இப்போது சமயமில்லை என்றாலும் சொல்லுங்கள்.”

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் மறுக்க வழி இல்லாதவர் மறுக்க மாட்டார், பதிலே போடாமல் இருந்துவிடுவார்.

இரண்டாவது மெயில், அப்படியே ஃபார்வர்டு செய்வதற்கானது. பழைய மெயிலுக்கு ரிப்ளையாக இதை அனுப்பாதீர்கள். ஃபார்வர்டு செய்யும்போது கீழே உள்ள பேரம், கிண்டல் எல்லாம் கூடவே ஜி.எம்.மிடம் போய்ச் சேரும். சப்ஜெக்டிலேயே விஷயம் இருக்கட்டும்: “காற்றுக் கசிவு: ஆண்டுக்கு 88,800 யூனிட், சரிசெய்ய ரூ.2,40,000”. ரீடிங் எடுக்க அந்த இன்ஜினியர் உதவியதை ஒரு வரியில் சொல்லுங்கள். “பராமரிப்புக் குறைபாடு” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது அவர் டிபார்ட்மென்ட். அந்த மெயில் அவர் இன்பாக்ஸை விட்டு நகராது. கசிவு முழுவதையும் அடைக்க முடியாது, 10 சதவீதம் மிஞ்சலாம் என்பதையும் எழுதுங்கள். கணக்கு பொய்த்தால் திட்டு வாங்கப்போவது அவர்தான்.

ஒரு வாரம் பதில் இல்லையா? “சார் பார்த்துட்டாரா?” என்று கேட்டால் அவருக்குச் சங்கடம். “அடுத்த ஞாயிறு மில் நிற்கும்போது வேலையை முடிக்கலாம், ஆள் ஏற்பாடு செய்ய புதன்கிழமைக்குள் தெரிந்தால் வசதி” என்று எழுதுங்கள். ஜி.எம். அறைக்குப் போக அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.